நாலே முக்கால்

சீட்டு பிடிக்கும் அக்கா ஊரைவிட்டு ஓடப் போகிறார் என்று டீக்கடையில் முதலில் சொன்னது தையல்காரர். அக்காவிடம் எனக்கும் பதினோரு மாதப் பணம் நிற்கிறது. அதைக் கேட்ட பிறகு டீ இறங்கவில்லை.

"நேத்து விடியக்காலை நாலே முக்காலுக்கு வாசல்ல வண்டி நின்னுச்சு சார். பீரோவை ஏத்தினாங்க. ஒரு கதவுல கைப்பிடி இல்லாத பீரோ."

கொஞ்ச நேரத்தில் ஆட்டோக்காரர் வந்து அதையே சொன்னார். அப்புறம் பேப்பர் போடும் தம்பி. மூன்று பேர் சொன்னால் பொய்யாகுமா என்று பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். இரண்டு பேர் பணத்தைக் கேட்க நேராக அக்கா வீட்டுக்கே கிளம்பினார்கள். பன்னிரண்டு வருஷமாக ஒரு மாதம்கூடப் பணம் தள்ளிப்போகாமல் சீட்டு நடத்துகிறவர் அவர்.

எனக்கு அந்த நாலே முக்கால்தான் உறுத்தியது. போன வாரம் இதே கடை முன்னால் இரண்டு பைக் மோதிக்கொண்டன. பார்த்த ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொன்னார்கள். இடித்தது சிவப்பு வண்டியா கறுப்பு வண்டியா என்பதிலேயே சண்டை. இங்கே மூன்று பேர் சொல்வதிலும் நேரம் ஒன்று, கைப்பிடி ஒன்று. அந்த இருட்டில் மூன்று பேருக்குமா கைப்பிடி தெரிந்தது?

"நீங்க பாத்தீங்களாண்ணே?" என்று தையல்காரரிடம் கேட்டேன்.

"நான் எங்க பாத்தேன்? பால்காரர் சொன்னாரு."

ஆட்டோக்காரருக்கு வீட்டில் மனைவி சொன்னாராம். பால் வாங்கும்போது அவர் காதில் விழுந்தது. பேப்பர் தம்பிக்குச் சொன்னது தையல்காரர்.

பால்காரர் கேனோடு வந்ததும் அவரையே கேட்டேன்.

"வண்டியைப் பாத்தேன், பீரோவைப் பாத்தேன். வீடு காலி பண்றாங்களோ என்னவோன்னுதான் சொன்னேன் சார். எனக்கே சந்தேகம்தான். சாயங்காலம் ஆட்டோக்காரர் வந்து, அந்தம்மா ஓடப் போறாங்க, தெரியுமான்னு கேட்டாரு. அப்புறம் இந்தத் தம்பியும் சொன்னான். சரி, நாம நினைச்சது நெசம்தான்னு மத்த வீட்டிலயும் சொல்லிட்டேன்."

"அவங்களுக்கு யாரு சொன்னாங்கன்னு கேட்டீங்களா?"

அவர் ஆட்டோக்காரரைப் பார்த்தார். ஆட்டோக்காரர் தையல்காரரைப் பார்த்தார். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"அப்போ நான் சொன்னதேதான் எங்கிட்ட திரும்பி வந்துச்சா?" பால்காரரின் குரல் உள்ளே போய்விட்டது. "பீரோவை எங்க கொண்டு போறீங்கன்னு அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார். தினம் அவங்க வீட்டுக்கும்தானே பால் ஊத்துறேன்."

கேனை அவிழ்த்துக் கடை ஓரத்தில் வைத்துவிட்டு, சைக்கிளைத் திருப்பினார். முன்னே போன இரண்டு பேரும் இந்நேரம் தெருமுனையைத் தாண்டியிருப்பார்கள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.