உங்கள் சைனஸ் ஸ்கேன் பற்றி: கிளினிக்கிலிருந்து ஒரு கடிதம்

அண்ணாவுக்கு வணக்கம்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் ரிப்போர்ட்டை நீட்டியபோது வாசலில் இன்னும் முப்பது பேர் நின்றார்கள். "சதை வளர்ந்திருக்கு, ஸ்பிரே அடிங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டில் மகள் ஆங்கிலத்தை வாசித்துப் பார்த்து, "கட்டியாம்" என்று அழுததாகத் தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து போன் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன். இதை மகளே வாசித்துக் காட்டட்டும்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். புற்றுநோய் என்று சந்தேகப்பட வைக்கும் எதுவும் இந்தப் படத்தில் இல்லை. கெட்ட கட்டி பெரும்பாலும் ஒரு பக்கத்தில் வரும். பக்கத்து எலும்பையும் அரிக்கும். உங்களுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது, எலும்பு அரிக்கப்படவில்லை. மூக்குக்குள் கமரா விட்டு ஒருமுறை நேரில் பார்ப்பேன், அது வழக்கமான பரிசோதனைதான்.

படத்தில் காற்று கறுப்பு, எலும்பு வெள்ளை. கன்னத்துக்கு உள்ளேயும் கண்களுக்கு நடுவிலும் நெற்றியிலும் உள்ள காற்று அறைகள் கறுப்பாகத் தெரிய வேண்டும். உங்களுக்கு வலது கன்ன அறை முழுக்கச் சாம்பல் நிறம். இடது கன்ன அறையில் ஓரமெல்லாம் 8 மி.மீ. தடிப்பு. அறைகளுக்கு உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும், சாதாரணமாகப் படத்தில் தெரியவே தெரியாது. நாட்பட்ட அழற்சியால் அது வீங்கித் தடித்துவிட்டது. ஊரில் பீனிசம் என்பார்களே, ஏறக்குறைய அதுதான். சாம்பல் நிறத்தில் எது சளி, எது சதை என்று ஸ்கேன் தெளிவாகப் பிரித்துச் சொல்லாது, கமரா சொல்லும்.

மூக்கின் நடுச்சுவர் இடப்பக்கம் வளைந்து, அதில் சின்ன எலும்பு முனையும் இருக்கிறது. நேரான நடுச்சுவர் உள்ளவர்களே குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வளைவு பல வருஷமாக இருந்திருக்கும், நீங்கள் மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். அதனால், "நடுச்சுவரை நேராக்கினால் சரியாகுமா?" என்று நீங்கள் கேட்டதற்குப் பதில், அது மட்டும் போதாது என்பதே.

உண்மையான தடை சதைதான். பாலிப் என்பது வீங்கிய சவ்வு தண்ணீர் கோர்த்து திராட்சைப்பழம் போலத் தொங்குவது, தொட்டால் வலிக்காது. கண்களுக்கு நடுவிலுள்ள சிறு அறைகளிலிருந்து இறங்கி, சைனஸ் வடியும் வாசலை அடைத்திருக்கிறது. வாசனை உணரும் இடம் மூக்கின் உச்சியில். அங்கே காற்றே போகவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் ரோலிங் முடிந்து கொழுந்து சிவக்கும் வாசம் இரண்டு வருஷமாகத் தெரியவில்லை என்றீர்களே, காரணம் இதுதான். தொழிற்சாலைத் தூசி அழற்சியைக் கிளறலாம். அதனால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் சல்லடை அறையில் முகமூடி போடுங்கள். லயத்து அடுப்புப் புகையும் ஆகாது.

ஸ்பிரே ஒரு நாளில் வேலை செய்யாது. மூன்று மாதம் தினமும் அடிக்க வேண்டும். தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், முனையை வெளிப்பக்கம், காதை நோக்கிச் சாய்த்து அடியுங்கள். நடுச்சுவரில் அடித்தால் இரத்தம் வரும். அதற்கு முன் உப்புத் தண்ணீரால் கழுவுங்கள்: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு கப், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா. பீலித் தண்ணீரை நேரடியாக விடாதீர்கள்.

கடையில் வாங்கி மாதக்கணக்கில் விட்ட அடைப்புச் சொட்டு மருந்தை நிறுத்துங்கள். ஐந்து நாளுக்கு மேல் போனால் அதுவே அடைப்பை உண்டாக்கும். நிறுத்திய முதல் வாரம் சிரமம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். தைலம் தடவினால் மூச்சு திறந்தது போல இருக்கும், சதை அப்படியேதான் இருக்கும்.

மூன்று மாதத்தில் தேறாவிட்டால் மூக்கு வழியாகவே ஆப்பரேஷன் செய்து சதையை எடுத்து வாசலைத் திறப்போம். நடுச்சுவரையும் அப்போதே சரிசெய்யலாம். முகத்தில் வெட்டு இருக்காது. ஆனால் பாலிப் திரும்ப வளரக்கூடியது, அதனால் அதற்குப் பிறகும் ஸ்பிரேயை நிறுத்த முடியாது.

இரண்டு கேள்விக்குப் பதில் எழுதிக் கொண்டுவாருங்கள். இரவில் இழுப்பு வருகிறதா? ஆஸ்பிரினோ வேறு வலி மாத்திரையோ குடித்தபின் மூச்சு முட்டியதுண்டா? அப்படி நடந்திருந்தால் அந்த மாத்திரைகளை இனித் தொடாதீர்கள். பாலிப் உள்ள சிலருக்கு அது ஆபத்து. சீனி வருத்தம் உண்டா என்பதையும் சொல்லுங்கள். வீக்கம் குறைக்கும் மாத்திரை தருவதானால் அது தெரிய வேண்டும்.

கண் வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, காய்ச்சலோடு கடும் தலைவலி வந்தாலோ கிளினிக் நாள் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

அடுத்த கிளினிக் நான்கு வாரத்தில், செவ்வாய் காலை. ஸ்கேன் படத்தையும் எடுத்து வாருங்கள், மடிக்காமல். மகளும் வரட்டும், கமராவில் நான் பார்ப்பதை அவளும் திரையில் பார்க்கலாம்.

இப்படிக்கு,
காது, மூக்கு, தொண்டை கிளினிக் டாக்டர்