பச்சிளங்குழந்தைக் குல்லாய்: வரிசை வாரியாக, கண்ணிக் கணக்குடன்

உதகையில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் நம் பின்னல் வகுப்பில், மூத்த அக்கா ஒருவரின் பழைய நோட்டிலிருந்த இந்தக் குல்லாய்க் குறிப்பைப் பலரும் கேட்டிருந்தீர்கள். அது ஒரே பத்தியாக இப்படி இருந்தது:

“74 கண்ணி ஏற்றி, இரண்டு நிட் இரண்டு பர்ல் என்று 8 வரிசை பட்டை போடவும். பிறகு நேர்ப்பக்கம் நிட், பின்பக்கம் பர்ல் என்று 10 செ.மீ. வரும்வரை பின்னவும். உச்சிக்கு 7 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று என்று வரிசை முழுதும் குறைக்கவும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, இடையில் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போய், 10 கண்ணி நின்றதும் நூலை அறுத்து இழுத்துக் கட்டித் தைக்கவும்.”

கை பழகியவருக்கு இது போதும். புதிதாகக் கற்பவர் உச்சியில்தான் சிக்கிக்கொள்வார். 7 நிட்டும் சேர்த்துப் பின்னும் இரண்டுமாக ஒரு தொகுதிக்கு 9 கண்ணிகள் வேண்டும். 74-ஐ 9-ஆல் வகுத்தால் 8 தொகுதிகள் போக 2 கண்ணிகள் மிஞ்சுகின்றன. அந்த இரண்டும் தையலுக்குள் போகிற ஓரக் கண்ணிகள் என்று கொண்டு, பக்கத்துக்கு ஒன்றாக வைத்தேன். அப்படி வைத்தால் ஒரு குறைப்பு வரிசைக்கு 8 கண்ணிகள் வீதம் 8 குறைப்பு வரிசைகளில் 64 கண்ணிகள் குறைந்து, பத்தி சொல்லும் 10 சரியாக நிற்கிறது. ஆகவே அக்காவும் இப்படியே பின்னியிருக்க வேண்டும் என்று நம்புகிறேன்.

4 மி.மீ. ஊசியும், குழந்தையின் தோலை உறுத்தாத டி.கே. பருமன் நூல் 50 கிராம் பந்து ஒன்றும் போதும். கீழுள்ள வரிசை எண்கள், 10 செ.மீ. சதுரத்தில் 22 கண்ணிகளும் 30 வரிசைகளும் வரும் கைக்கு உரியவை. கண்ணி ஏற்றியதை வரிசையாக எண்ணவில்லை. மாதிரித் துண்டில் உங்களுக்கு 28 வரிசைகளே வந்தால், 28-ஆம் வரிசையோடு உடற்பகுதியை நிறுத்தி, அடுத்த எண்களில் இரண்டிரண்டு குறைத்துப் படியுங்கள்.

பட்டை

74 கண்ணிகள் ஏற்றவும்.

வரிசை 1 (நேர்ப்பக்கம்): 2 நிட், 2 பர்ல் என்பதை 18 முறை பின்னி, 2 நிட்டில் முடிக்கவும். (74)

வரிசை 2 (பின்பக்கம்): 2 பர்ல், 2 நிட் என்பதை 18 முறை பின்னி, 2 பர்லில் முடிக்கவும். (74)

வரிசை 3 முதல் 8 வரை: இவ்விரண்டையும் இன்னும் மூன்று முறை பின்னவும். (74)

இரு ஓரமும் 2 நிட்டாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. தைக்கும்போது பக்கத்துக்கு ஒன்று உள்ளே போய்விட, மீதி இரண்டும் சேர்ந்து பட்டையின் வரி அறுபடாமல் தொடரும்.

உடற்பகுதி

வரிசை 9: முழுதும் நிட். (74)

வரிசை 10: முழுதும் பர்ல். (74)

வரிசை 11 முதல் 30 வரை: ஒற்றை எண் வரிசைகளை நிட்டாகவும், இரட்டை எண் வரிசைகளைப் பர்லாகவும் பின்னவும். (74)

30-ஆம் வரிசை முடிந்ததும் ஒருமுறை எண்ணிவிடுங்கள், ஏனெனில் இங்கே ஒரு கண்ணி நழுவியிருந்தாலும் உச்சித் தொகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று நேராக அமையாது.

உச்சி

ஒவ்வொரு குறைப்பு வரிசையிலும் முதல் கண்ணியும் கடைசிக் கண்ணியும் தனி நிட். இடையிலுள்ள தொகுதியை 8 முறை பின்ன வேண்டும்.

வரிசை 31: 1 நிட், (7 நிட், இரண்டைச் சேர்த்து நிட்) 8 முறை, 1 நிட். (66)

வரிசை 32: முழுதும் பர்ல். (66)

வரிசை 33: 1 நிட், (6 நிட், இரண்டைச் சேர்த்து நிட்) 8 முறை, 1 நிட். (58)

வரிசை 34: பர்ல். (58)

வரிசை 35: 1 நிட்; (5 நிட், இரண்டைச் சேர்த்து நிட்) 8 முறை; 1 நிட். (50)

வரிசை 36: பர்ல். (50)

வரிசை 37: 1 நிட், (4 நிட், இரண்டைச் சேர்த்து நிட்) 8 முறை, 1 நிட். (42)

வரிசை 38: பர்ல். (42)

வரிசை 39: 1 நிட், (3 நிட், இரண்டைச் சேர்த்து நிட்) 8 முறை, 1 நிட். (34)

வரிசை 40: பர்ல். (34)

வரிசை 41: 1 நிட், (2 நிட், இரண்டைச் சேர்த்து நிட்) 8 முறை, 1 நிட். (26)

வரிசை 42: பர்ல். (26)

வரிசை 43: 1 நிட், (1 நிட், இரண்டைச் சேர்த்து நிட்) 8 முறை, 1 நிட். (18)

வரிசை 44: பர்ல். (18)

வரிசை 45: 1 நிட், இரண்டைச் சேர்த்து நிட் 8 முறை, 1 நிட். (10)

முடிப்பு

40 செ.மீ. விட்டு நூலை அறுத்து, கம்பளி தைக்கும் ஊசியில் கோத்து, நிற்கும் 10 கண்ணிகளுக்குள்ளும் இரண்டு சுற்று செலுத்தி, உச்சியில் துளை தெரியாதபடி இறுக்கி முடிச்சிடவும். அதே நூலால், நேர்ப்பக்கம் உங்களை நோக்கியிருக்க, இரு ஓரங்களிலும் ஒவ்வொரு கண்ணியை உள்ளே விட்டு உச்சியிலிருந்து பட்டைவரை தைக்கவும். நூல் முனைகளைப் பின்பக்கக் கண்ணிகளுக்குள் நுழைத்து மறைக்கவும். குழந்தையின் விரலில் சிக்காதபடி வெளியே எதுவும் தொங்காமல் பார்த்துக்கொள்ளவும்.