இரண்டாந்தரம் வந்த தூதன்

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாரே,

பிரசங்க பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பாட்டு எண் பலகையைப் பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வந்து அந்த எண்களை மாட்டுகிறது செல்வின் தம்பிதான். போன வாரம் அவர் மாட்டிய எண்களே இன்னும் தொங்குகின்றன. மாற்ற எனக்குக் கை வரவில்லை.

செல்வின் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். எப்படி, ஏன் என்று தயவுசெய்து யாரும் விசாரிக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் எதையும் அனுப்பவும் வேண்டாம். எந்த ஒரு காரணமும் இதற்கு முழுப் பதிலாகாது. மெர்சியம்மா, நீங்கள் கவனிக்காமல் விட்டதால் இது நடக்கவில்லை. பிள்ளைகளே, உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

“மன்னிப்பே இல்லாத பாவம்” என்று சிலர் பேசியது என் காதுக்கு வந்தது. வேதத்தில் இதைப்பற்றி அப்படி எழுதியில்லை. மரணமானாலும் ஜீவனானாலும் தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்கமாட்டாது என்றுதான் பவுல் ரோமருக்கு எழுதினார். செல்வினை அந்த அன்பின் கையில் ஒப்புக்கொடுக்கிறோம்.

1 இராஜாக்கள் 19-ஐத் திருப்புங்கள். கர்மேலில் அக்கினியை இறக்கிய எலியா, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே” என்கிறார். விசுவாசம் போதவில்லை என்று தூதன் கடிந்துகொண்டானா? இல்லை. அவரைத் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். தூதன் சலித்துக்கொள்ளவில்லை. இரண்டாந்தரமும் வந்தான்.

நாம் முதல்தரம் நன்றாகவே போவோம். அடக்கத்துக்குக் கூட்டம் வந்தது, மூன்றாம் நாள் ஜெபத்துக்கும் வந்தது. நாற்பதாம் நாளுக்கு அப்புறம் அந்த வாசலில் யார் செருப்பு கிடக்கும்? பெண்கள் ஐக்கியம் வாரம் இரண்டு நாள் சாப்பாடு கொண்டுபோக முன்வந்திருக்கிறது. கிறிஸ்மஸ் வரைக்கும் அதை நிறுத்தாதீர்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு இப்போதே “போதும்” என்று இருக்கலாம். உங்களிடம் ஒன்று சொல்கிறேன். இரண்டு வருஷம் நானும் மனநல மருத்துவரிடம் போய் மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன். விடியவே விடியாது என்றிருந்த ராத்திரிகள் எனக்கும் உண்டு. ஜெபித்தேன், மாத்திரையும் சாப்பிட்டேன். கொஞ்சங்கொஞ்சமாகத் தூக்கம் வந்தது, பசி வந்தது. ஒருநாள் காப்பி ருசித்தது. அந்த எண்ணம் வந்துபோகிற ஒன்று. இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச எண். ராப்பகலாகத் தமிழில் பேசுவார்கள். 104-லும் பேசலாம். நம் ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாகப் போகத் தயக்கமா, நான் கூட வருகிறேன். குருமனைக் கதவை எந்த நேரமும் தட்டலாம்.

யாரைப் பற்றியாவது பயமிருந்தால், “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. “ஆமா” என்றால் புத்தி சொல்லாதீர்கள், தனியே விட்டு வராதீர்கள். 108-ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை கூடவே இருங்கள்.

ஆராதனை முடிந்ததும் நானும் மூப்பர் இருவரும் ஹாலில் இருப்போம். டீ போட்டிருக்கிறது. பேச வேண்டும் என்றில்லை, சும்மா வந்து உட்காருங்கள். இப்போது, மெர்சியம்மா குடும்பத்துக்காக ஒரு நிமிஷம் மௌனமாக நிற்போம்.