பேச்சியம்மாள் கிளினிக் திறப்பு விழா: யார் என்ன செய்ய வேண்டும்

அம்மா, சித்தப்பா, மாப்பிள்ளை, பொன்மலர் நாலு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். போனில் பேசினால் ஆளுக்கொரு நேரம் காதில் விழுகிறது.

நாள் முடிவாகிவிட்டது. தை 14, புதன்கிழமை (28.01.2026), வளர்பிறை தசமி. புதன்கிழமை எமகண்டம் 7.30 முதல் 9 வரை, ராகு காலம் 12 முதல் 1.30 வரை. அதனால் ரிப்பன், விளக்கு, முதல் நோயாளி மூன்றும் 9.15க்கும் 10.15க்கும் நடுவில் முடிந்தாக வேண்டும். 10.30க்குக் குளிகை வந்துவிடும். குளிகையில் செய்வது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். ஜவுளிக்கடைக்கு அது நல்லது, கிளினிக்குக்கு வேண்டாம்.

பத்திரிகையில் இது மட்டும் இருந்தால் போதும்:

பேச்சியம்மாள் கிளினிக் திறப்பு விழா

அன்புடையீர், வணக்கம்.

நிகழும் விசுவாவசு வருடம் தை மாதம் 14ஆம் நாள் (28.01.2026) புதன்கிழமை காலை 9.15 மணிக்கு மேல் 10.15 மணிக்குள், கோவில்பட்டி எட்டயபுரம் சாலையில் எங்கள் மகள் டாக்டர் மு. பொன்மலர், எம்.பி.பி.எஸ்., எம்.டி. (பொது மருத்துவம்) அவர்களின் புதிய கிளினிக், செண்பகவல்லி அம்மன் அருளாலும் பெரியோர்கள் ஆசியாலும் திறக்கப்பட உள்ளது.

திறந்து வைப்பவர்: திருமதி இரா. சரஸ்வதி, ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்.

தாங்கள் குடும்பத்துடன் வந்திருந்து வாழ்த்த வேண்டுகிறோம். காலை 8 மணி முதல் சிற்றுண்டி. மொய், அன்பளிப்பு வேண்டாம்.

தங்கள் நல்வரவை நாடும்,
மு. லட்சுமி மற்றும் குடும்பத்தார்

சித்தப்பா, 'சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னீர்கள். கூடாது. மருத்துவர் புதிதாகத் தொழில் தொடங்குவதை அறிவிக்கலாம், தன்னைத் தானே விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகளே சொல்கின்றன. போர்டிலும் அவள் போட்டோ வராது. பெயர், படிப்பு, பதிவு எண், பார்க்கும் நேரம் அவ்வளவுதான். அவளைச் சிரிக்க வைத்து பத்தடி பிளெக்ஸ் அடிக்கும் யோசனையையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அச்சடிப்பது 100 பத்திரிகை. முதல் பத்திரிகை கோயிலுக்கு. தெருக்காரர்கள், தாய்மாமன் வீடு, பக்கத்து மெடிக்கல் கடை இவர்களுக்கு அம்மாவும் மாப்பிள்ளையும் வெற்றிலை பாக்கோடு நேரில் போய் வையுங்கள். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப் போதும், ஆனால் அனுப்பிய கையோடு ஒரு போனும் போடுங்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரிய டாக்டரைப் பொன்மலரே போய் அழைக்கட்டும். நாளைக்கு ஒரு சந்தேகம் என்றால் முதலில் கேட்கப்போவது அவரிடம்தான்.

இப்போது ரிப்பன். எம்.எல்.ஏ.வைக் கூப்பிடலாம் என்று சித்தப்பாவுக்கு ஆசை. அவர் வருகிறேன் என்றால் வருவார், ஆனால் 9.15க்கு வருவாரா? அவருக்காகக் காத்திருந்தால் நல்ல நேரம் போய்விடும், இட்லியும் ஆறிவிடும். இன்னொரு நாள் அவரைத் தனியாக அழைத்து டீ கொடுப்போம். சரஸ்வதி அக்கா இந்தப் பக்கத்தில் முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் தடுப்பூசி போட்டவர். ரிப்பன் அவர் கையில்தான். இதில் மாற்றம் இல்லை.

குத்துவிளக்குக்கு ஐந்து முகம் இருப்பது நம் அதிர்ஷ்டம். அம்மா, இடத்தின் சொந்தக்காரர், வார்டு கவுன்சிலர், மெடிக்கல் கடைக்காரர், மாப்பிள்ளையின் அம்மா, ஆளுக்கு ஒரு முகம். இந்தப் பெயர்களைப் பத்திரிகையில் போடாததற்குக் காரணம் உண்டு: போட்டால் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று அதுவே ஒரு பஞ்சாயத்து ஆகும்.

அன்றைக்கு நடக்கும் வரிசை: விடியற்காலை 4.30க்கு கணபதி ஹோமம், வீட்டு ஆட்கள் மட்டும். ஆறரைக்குள் புகை போக ஜன்னலைத் திறந்து, தரையைத் துடைத்துவிட வேண்டும். 8 மணிக்குப் பந்தலில் டிபன் ஆரம்பம். எமகண்டத்தில் சாப்பிடுவதற்குத் தடை ஒன்றும் இல்லை. 9.10க்கு எல்லாரும் வாசலுக்கு. தாம்பாளத்தில் கத்தரிக்கோல், இன்னொன்று மாப்பிள்ளையின் சட்டைப் பையில். புதுக் கத்தரிக்கோல் வழுவழு ரிப்பனில் சறுக்கும், முன்தினமே வெட்டிப் பாருங்கள். 9.20 ரிப்பன். சரஸ்வதி அக்கா வலது காலை வைத்து முதலில் உள்ளே போவார், பின்னால் அம்மா, பொன்மலர். 9.30 விளக்கு, தீபாராதனை. 9.40 பொன்மலர் பேச்சு. வேறு யாருக்கும் மைக் கிடையாது, கவுன்சிலர் உட்பட. 9.50க்கு வடக்கு வீட்டு ஆச்சிக்கு பிரஷர் பார்த்து முதல் சீட்டு எழுதுவது. 10.15க்கு மேல் தாம்பூலம். பூசணிக்காயை நடுரோட்டில் உடைக்காதீர்கள், பைக் சறுக்கும். ஓரமாக உடைத்து உடனே அள்ளிவிடுங்கள்.

டிபன் 120 பேருக்கு. இட்லி 300, வெண்பொங்கலுக்கு அரிசி பருப்பு சேர்த்து 6 கிலோ, உளுந்த வடை 150, கேசரிக்கு ரவை 2 கிலோ, காபிக்குப் பால் 12 லிட்டர். சர்க்கரை டாக்டர் வீட்டு விழாவில் கேசரியா என்று கேலி செய்வார்கள், செய்யட்டும். இனிப்பு இல்லாமல் எந்த நல்ல காரியம் நடக்கிறது? கொஞ்சமாகப் பரிமாறச் சொல்லுங்கள். பக்கத்திலேயே தட்டாம்பயறு சுண்டலும் சர்க்கரை போடாத காபியும் கேட்காமலே இருக்கட்டும். பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் இரண்டும் 2019 ஜனவரி முதல் தடையில் இருக்கின்றன. பாக்குமட்டைத் தட்டு, எவர்சில்வர் டம்ளர், டம்ளர் கழுவ ஒரு ஆள். தாம்பூலப் பையில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், நம்ம ஊர்க் கடலை மிட்டாய். மருந்து கம்பெனிக்காரர்கள் டிபன் செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்று வருவார்கள். ஒரு ரூபாய் வாங்கக் கூடாது, அதற்கும் விதி இருக்கிறது.

பொன்மலர், உன் பேச்சு. மூன்று நிமிஷத்துக்குள் முடியும், கூட்டாதே:

"எல்லாருக்கும் வணக்கம். திறந்து வைத்த சரஸ்வதி அக்காவுக்கும், காலையிலேயே வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் நன்றி. பேச்சியம்மாள் என் அப்பத்தா. காய்ச்சல் என்றால் எங்கள் வீட்டில் முதலில் நெற்றியில் படுவது அவர் கைதான்.

இங்கே காலை 10 முதல் 1 வரை, மாலை 5 முதல் 8 வரை இருப்பேன். ஞாயிறு மாலை விடுமுறை. கட்டணம் 150 ரூபாய், ஒரு வாரத்துக்குள் அதே தொந்தரவுக்குத் திரும்ப வந்தால் கட்டணம் இல்லை.

இது சின்ன கிளினிக். நெஞ்சுவலி, பாம்புக்கடி, ஒரு பக்கம் கை கால் இழுப்பது என்றால் என்னைத் தேடி வந்து நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே 108க்கு அடித்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறவர்கள் அதையே சாப்பிடுங்கள். என்னிடம் வரும்போது அந்த அட்டையைக் கொண்டுவாருங்கள், அளவு சரியா என்று பார்த்துச் சொல்கிறேன். ஊசி கேட்டால் எல்லாருக்கும் போட மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். டிபன் சாப்பிடாதவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்."

மாப்பிள்ளை, சமையல்காரருக்கு 5,000 ரூபாய் முன்பணம் நீங்கள் கொடுத்துவிடுங்கள், பந்தலும் மைக்கும் என் கணக்கு. நான் திங்கள் இரவு ரயிலில் கிளம்பி செவ்வாய் காலை வந்துவிடுவேன். சாவி அம்மாவிடமே இருக்கட்டும்.