ஸ்பாட்டருக்கு முன் ஒரு கடிதம்

முதலாமாண்டு மாணவர்களுக்கு,

வரும் வியாழக்கிழமை ஹிஸ்டாலஜி ஸ்பாட்டர். 20 மேசை, மேசைக்கு 90 வினாடி. அடையாளம் சொன்னால் 1 மதிப்பெண். அதற்கான காரணம் இரண்டு எழுதினால் தலா அரை. அதாவது பாதி மதிப்பெண் காரணத்துக்குத்தான். பெயரை மட்டும் மனப்பாடம் செய்து வருகிறவர் அந்தப் பாதியை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

பதற்றம் பெரும்பாலும் படிக்காததால் வருவதில்லை. அட்லஸில் பார்த்த படம் லென்ஸில் அப்படியே தெரியும் என்று நினைப்பதால் வருகிறது. தெரியாது. வெட்டிய கோணம் மாறும், சாயமும் ஒரு தொகுதியில் அடர்த்தியாகவும் இன்னொன்றில் வெளிறியும் இருக்கும். ஹீமடாக்சிலின் நியூக்ளியஸை நீலமாக்கும், இயோசின் சைட்டோபிளாசத்தை இளஞ்சிவப்பாக்கும். நிறத்தை அதற்கு மேல் நம்பாதீர்கள். 'ஓரத்தில் கிழிந்திருந்தால் தைராய்டு' என்று ஸ்லைடின் அங்க அடையாளத்தை வைத்துப் படிப்பவர்களும் உண்டு. பரீட்சைக்கு வேறு பெட்டியிலிருந்து ஸ்லைடு எடுத்தால் அந்தப் படிப்பு அவ்வளவுதான்.

மேசைக்கு வந்ததும் பெயரைத் தேடாதீர்கள். நடுவில் குழி இருக்கிறதா, கெட்டியான உறுப்பா என்று முதலில் பாருங்கள். குழி இருந்தால் உள்ளே விரித்திருக்கும் எபிதீலியம் எது, அதற்கு வெளியே என்ன அடுக்கு என்று உள்ளிருந்து வெளியே போங்கள். கெட்டியானது என்றால் மேலுறை, புறணி, அகணி, லோபுல் என்று வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். இதற்கு அரை நிமிடம் போதும். பெயர் பெரும்பாலும் அதற்குள் தானே வந்துவிடும்.

எல்லோரும் வழுக்கி விழும் இடம் லிம்ஃபாய்டு உறுப்புகள் நான்கும். எங்கு பார்த்தாலும் நீலப் புள்ளிகள். 'லிம்ஃபோசைட்டுகள் உள்ளன' என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது, நான்கிலும்தான் அவை இருக்கின்றனவே. விளிம்புக்குப் போங்கள். விளிம்பில் கெரட்டின் இல்லாத ஸ்ட்ராட்டிஃபைடு ஸ்குவாமஸ் எபிதீலியம் இருந்து, அது பள்ளமாக உள்ளே இறங்கினால் பாலட்டைன் டான்சில். உறைக்குக் கீழே வெளிறிய சைனஸ், அதற்குள் ஃபாலிக்கிள்கள் வரிசையாக நிற்கும் புறணி, நடுவில் அகணி என்றால் நிணநீர்க் கணு. புறணி, அகணி என்ற பிரிவே இல்லை, சிவந்த பரப்பில் நீலத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன, தீவுக்குள் சற்று ஒதுங்கினாற்போல ஒரு சிறு தமனி இருக்கிறது என்றால் மண்ணீரல். பெயர் மத்தியத் தமனி, இருப்பதோ ஓரத்தில். அந்த முரண்பாட்டையே நினைவில் வையுங்கள். லோபுல் லோபுலாக, அடர்ந்த புறணியும் வெளிறிய அகணியுமாக, ஃபாலிக்கிளே இல்லாமல், அகணியில் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல் இளஞ்சிவப்பு வளையங்கள் தெரிந்தால் அவை ஹாசல் கார்ப்பசல்கள், உறுப்பு தைமஸ்.

அடுத்த குழப்பம் பரோட்டிடும் கணையமும். இரண்டிலும் சீரஸ் ஆசினஸ்கள். வெளிறிய லாங்கர்ஹான்ஸ் தீவு கண்ணில் பட்டால் கணையம். ஆனால் வைத்திருக்கும் பார்வைப் பரப்பில் தீவு இல்லாமலும் போகலாம். அப்போது குழாய்களைப் பாருங்கள்: நன்கு சிவந்த, அடிப்பக்கம் கோடு கோடாகத் தெரியும் ஸ்ட்ரையேட்டட் டக்ட் பரோட்டிடில் உண்டு, கணையத்தில் கிடையாது.

யூரிட்டரையும் வாஸ் டிஃபரன்ஸையும் மாற்றி எழுதுவதும் வழக்கம். நட்சத்திர வடிவக் குழியும் டிரான்சிஷனல் எபிதீலியமும் யூரிட்டர். குழி சின்னது, தசைச் சுவர் மிகத் தடிமன், சூடோஸ்ட்ராட்டிஃபைடு எபிதீலியத்தின் மேல் ஸ்டீரியோசிலியா என்றால் வாஸ்.

மைக்ரோஸ்கோப்பில் ஃபைன் ஃபோகஸ் திருகைத் தவிர எதையும் தொடவேண்டாம். ஸ்டேஜை நகர்த்தினால் உங்களுக்குப் பின் வருகிறவருக்கு வேறு பகுதிதான் தெரியும். 40 எக்ஸில் கோர்ஸ் திருகைச் சுழற்றினால் லென்ஸ் இடித்து ஸ்லைடு உடையும். ஐபீஸைத் திருப்பினால் உள்ளிருக்கும் அம்புக்குறியும் சேர்ந்து திரும்பும். நியூக்ளியஸைக் கேட்டிருக்க, பக்கத்து நாளத்தை எழுதிக்கொண்டிருப்பீர்கள். எதுவுமே தெரியவில்லை என்றால் உடனே கையைத் தூக்குங்கள், கடைசி 10 வினாடியில் அல்ல.

விடை வரவில்லையா? பார்த்ததை எழுதுங்கள். 'கோழை சுரக்கும் சுரப்பிகள் சப்மியூக்கோசாவில்' என்று எழுதி வைத்தாலே டியோடினத்தின் ஒரு காரணத்துக்கு அரை மதிப்பெண் உண்டு. மணி அடித்ததும் அந்த வரியை அப்படியே விட்டு நகருங்கள். அடுத்த மேசையில் நின்று முந்தைய ஸ்லைடை யோசித்தால் இரண்டும் போகும். உட்காரும் மேசையின் எண்ணைப் பார்த்து விடைத்தாளில் அதே எண்ணுக்கு நேரே எழுதுங்கள். 7ஆம் மேசையில் தொடங்குபவர் 1ஆம் வரியில் எழுத ஆரம்பித்தால் 20 விடையும் இடம் மாறிப்போகும்.

திங்கள் முதல் புதன்வரை மாலை 4 முதல் 6 மணிவரை ஆய்வகம் திறந்திருக்கும். இருவராக வாருங்கள். ஒருவர் லேபிளை மறைத்து ஸ்லைடை வைக்க, மற்றவர் முதலில் 4 எக்ஸில் பார்த்து, பெயருக்கு முன் இரண்டு காரணங்களை வாய்விட்டுச் சொல்லட்டும். நீல, இளஞ்சிவப்புப் பென்சில்களும் ரெக்கார்டும் கையோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஹிஸ்டாலஜி விரிவுரையாளர்