டிஓஎல் ஸ்டார்டர் சுற்றுப்படம்: மின்னோட்டம் போகும் வழி

மின்பணியாளர் பிரிவு, செய்முறைத் தாள், கிருஷ்ணகிரி

படத்தில் இருப்பது காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்பில் போர் மோட்டாருக்கு வைக்கும் ஸ்டார்டர். மோட்டார் 5 எச்பி, 415 வோல்ட், மூன்று ஃபேஸ், 7.5 ஆம்பியர். காண்டாக்டரின் காயிலும் 415 வோல்ட் காயில்தான். படத்தில் சிவப்பு ஃபேஸின் கோட்டில் விரலை வையுங்கள். நீல ஃபேஸைத் தொடும்வரை எடுக்காதீர்கள். விரல் எங்கே தடைப்படுகிறதோ அங்கே மின்னோட்டமும் நிற்கும்.

பவர் பக்கம் எளிது: ஃப்யூஸ், காண்டாக்டர், ஓவர்லோட் ரிலே, மோட்டார். ஓடும்போது ஒவ்வொரு ஒயரிலும் 7.5 ஆம்பியர், கிளம்பும் நொடியில் சுமார் ஆறு மடங்கு.

கவனம் வேண்டியது கண்ட்ரோல் பக்கம். சிவப்பிலிருந்து 2 ஆம்பியர் ஃப்யூஸ், பிறகு ஸ்டாப் பட்டன். இது எப்போதும் மூடியே இருக்கும். அதைத் தாண்டியதும் வழி இரண்டாகப் பிரிகிறது: ஒன்று ஸ்டார்ட் பட்டன், மற்றொன்று காண்டாக்டரின் 13-14 துணைமுனை. இரண்டும் மீண்டும் சேர்ந்து காயில், ஓவர்லோட் ரிலேயின் 95-96 மூடுமுனை வழியாக நீலத்தை அடைகின்றன.

ஸ்டார்ட்டை அழுத்தியதும் முழு மின்னோட்டமும் பட்டன் கிளையில், 13-14இல் சுழி. காண்டாக்டர் இழுத்ததும் 13-14 மூடுகிறது. விரலை எடுத்தால் மின்னோட்டம் முழுவதும் அந்தக் கிளைக்கு மாறிவிடும். தாங்கும் நிலையில் காயில் 8 விஏ எடுத்தால், 8 ÷ 415, அதாவது சுமார் 0.02 ஆம்பியர். கரண்ட் போனால் காயில் விடுகிறது, 13-14 திறக்கிறது. திரும்பக் கரண்ட் வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது. இராத்திரியில் மும்முனை வரும் தோட்டங்களில் இதுதான் ஆளைக் காப்பது.

13-ஐ ஸ்டாப்புக்கு முன்னால் இணைத்துவிட்டால் ஸ்டாப் அழுத்தியும் மோட்டார் நிற்காது. மின்னோட்டம் ஸ்டாப்பைத் தொடாமலே காயிலுக்குப் போகிறது. 13-14 ஒயர் கழன்றிருந்தால் அழுத்திப் பிடிக்கும் வரைதான் ஓடும். தவறி 21-22 மூடுமுனையில் மாட்டினால், ஸ்டார்ட் தொடாமலே காண்டாக்டர் இழுத்து இழுத்து விட்டுத் தடதடக்கும்.

மஞ்சள் ஃபேஸ் போனால் காயிலுக்குத் தெரியாது, அதன் வழி சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையில்தான். மோட்டார் இரண்டு ஃபேஸில் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடாகும். அப்போது வழியைத் துண்டிக்க 95-96 மட்டுமே இருக்கிறது. அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று அதை ஷார்ட் செய்யாதீர்கள். வைண்டிங் கருகினால் மோட்டாரைப் போரிலிருந்து மேலே ஏற்ற வேண்டும். ரிலேயை 7.5இல் வையுங்கள்.

சோதனை: மெயினை அணைத்து, கரண்ட் இல்லை என்று சோதித்து, மோட்டார் ஒயர்களைக் கழற்றுங்கள். கழற்றாமல் காண்டாக்டரைக் கையால் அழுத்தினால் மீட்டர் காயிலோடு வைண்டிங்கையும் சேர்த்துக் காட்டிவிடும். கண்ட்ரோல் ஃப்யூஸின் வெளிமுனைக்கும் நீலத்துக்கும் இடையே ஓம் பாருங்கள்: சும்மா இருக்கும்போது திறப்பு, ஸ்டார்ட் அழுத்தினால் காயிலின் ஓம், ஸ்டார்ட்டோடு ஸ்டாப்பையும் அழுத்தினால் மறுபடி திறப்பு.