முதல் நாள் பார்வை

"உள்ள வாங்கண்ணா. சொந்த வீடு வாங்கினது இதுதான் முதல் தடவை, பயமா இருக்கு. இன்னைக்கே பூச்சி மருந்து அடிச்சிடுவீங்களா?"

"இல்லம்மா. இன்னைக்குப் பார்க்கிறதுதான் முக்கால்வாசி வேலை. எங்க எதைப் பார்த்தீங்க?"

"சமையலறையில ராத்திரி கரப்பான். அப்புறம் இந்த நிலைக்கதவு ஓரமா மண்கோடு மாதிரி..."

"அதைத் துடைக்காம விட்டது ரொம்ப நல்லது. கரையான் போற பாதை அது. கொஞ்சம் உடைச்சுப் பார்க்கிறேன். பாருங்க, வெள்ளையா ஓடுது, உயிரோட இருக்கு."

"ஐயோ! வீடு விழுந்திடுமா?"

"பதறாதீங்க. செங்கல்லையும் சிமென்ட்டையும் அது தின்னாது, மரந்தான் அதுக்குச் சாப்பாடு. நிலையைத் தட்டிப் பார்க்கிறேன்... இந்த மூலை மட்டும் பொள்ளலா கேக்குது. அலமாரி, பாத்ரூம் கதவு, வெளிச்சுவர் எல்லாம் பார்த்துட்டு எழுதித் தர்றேன். கரையானுக்குச் சுவரோரம் துளை போட்டு மருந்து விடணும். அதுக்குத் தனியா ஒரு நாள் வருவோம்."

"கைக்குழந்தை இருக்குண்ணா."

"முதல்லயே சொன்னது நல்லதாப் போச்சு. மீன்தொட்டி, ஆஸ்துமா ஏதாவது?"

"மாமியாருக்கு வீசிங் இருக்கு."

"அப்போ கரப்பானுக்கு ஸ்ப்ரே வேண்டாம். கீல் இடுக்குல, சிங்க் அடியில கரப்பான் தின்னு சாகுற ஜெல் மருந்தைப் பொட்டுப் பொட்டா வைக்கலாம், குழந்தை கைக்கு எட்டாத இடமா. அதுமேல நீங்க கடை ஸ்ப்ரே அடிச்சிடாதீங்க, அப்புறம் கரப்பான் அதைத் தின்னக் கிட்டயே வராது. சிங்க் குழாய் ஒழுகுதே, அதை முதல்ல சரிபண்ணுங்க."

"மருந்துப் பேரும் எழுதித் தருவீங்களா?"

"கண்டிப்பா. கேட்டு வாங்கிக்கங்க, யார் வந்தாலும்."